லூஸ் கான்டாக்ட்

மின்வாரியத்தில் 33 வருடம் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் மீட்டர் சோதனைப் பிரிவில். "மீட்டர் தாறுமாறா ஓடுதுங்க" என்று புகார் வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவோம். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்வேன். பத்துப் புகாரில் மீட்டரே கெட்டுப்போயிருப்பது ஒன்றிரண்டில்தான். மற்றதெல்லாம் திருகாணி தளர்ந்திருக்கும், முனையில் பச்சை பூத்திருக்கும், ஒயர் சரியாக உட்கார்ந்திருக்காது. எங்கள் பாஷையில் லூஸ் கான்டாக்ட்.

இவ்வளவு தெரிந்த மனுஷன், என் கையில் கட்டியிருந்த மீட்டர் தாறுமாறாக ஓடியபோது மட்டும் அதை அப்படியே நம்பி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அந்தக் கதையையும், அதிலிருந்து எனக்கு ஏற்பட்ட ஒரு கருத்தையும் சொல்லத்தான் இந்தப் பதிவு.

பெங்களூரில் இருக்கும் மகள் என் 70ஆவது பிறந்த நாளுக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி அனுப்பினாள். நடந்த அடிகளை எண்ணும், தூக்கத்தைக் கணக்கு வைக்கும், நாடித்துடிப்பு காட்டும். உட்கார்ந்திருக்கும்போது துடிப்பு 120க்கு மேல் போனால் கையில் அதிர்ந்து எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை அவளுடைய போனுக்கும் போகும்படி ஏற்பாடு செய்திருந்தாள். பாசம்தான். வேறென்ன சொல்ல?

போன மே மாதம் ஒரு சனிக்கிழமை. பராமரிப்புப் பணி என்று காலை ஒன்பது மணிக்கே கரண்டை நிறுத்திவிட்டார்கள். சனிக்கிழமை எனக்கு எண்ணெய்க் குளியல். குளித்து, பவுடர் போட்டு, வாட்சைக் கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தேன். வலது கையில் பேப்பர், இடது கையில் பனை விசிறி. கால் மணி நேரம் போயிருக்கும். இடது மணிக்கட்டில் அதிர்வு. பார்த்தால் 134.

திக்கென்றது. உடனே நெஞ்சு படபடப்பது போலவும் இருந்தது. 134 என்று பார்த்தால் யாருக்குத்தான் படபடக்காது? இரண்டு நிமிடத்தில் மகளிடமிருந்து போன். "அப்பா, எதையும் யோசிக்காதீங்க, அம்மாவைக் கூட்டிக்கிட்டு உடனே கிளம்புங்க." பக்கத்து வீட்டுப் பையன் ஆட்டோ பிடித்து வந்தான். என் மனைவி நெற்றியில் விபூதியைப் பூசிவிட்டு, வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அந்தக் கை எப்படி நடுங்கியது என்பது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அவசரப் பிரிவில் படுக்க வைத்தார்கள். அங்கேயும் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தடவை 97, அடுத்து 54, பிறகு 141, பிறகு எண்ணே இல்லாமல் வெறும் இரண்டு கோடு. என் கதை முடிந்தது என்றே நினைத்துவிட்டேன். ஒரு இளம் மருத்துவர் வந்தார். வாட்சை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் என் வலது மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி அரை நிமிடம் நின்றார். "76 இருக்குய்யா. சீராத்தான் இருக்கு" என்றார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அதிலும் அதே கதைதான். இருந்தாலும் வயதைப் பார்த்து, ரத்தப் பரிசோதனை, மூன்று மணி நேரம் கண்காணிப்பு, இரண்டாவது ஈ.சி.ஜி. எல்லாம் முடித்துத்தான் அனுப்பினார்கள். செலவு 7,400 ரூபாய். பணம் போனால் போகட்டும். மகள் அன்று ராத்திரி பஸ் பிடித்து வந்து நின்றாள், அதுதான் மனதை உறுத்தியது.

"இந்த வாட்சைத் தூக்கி எறிங்க" என்றாள் மனைவி. எறிய எனக்கு மனம் வரவில்லை. மீட்டர்க்காரன் புத்தி. தவறாகக் காட்டினால் ஏன் காட்டியது என்று தெரிய வேண்டும்.

முதலில் அது எப்படித்தான் அளக்கிறது என்று தெரிந்துகொண்டேன். அது துடிப்பைக் கேட்பதும் இல்லை, தொட்டு உணர்வதும் இல்லை. வாட்சின் அடியில் ஒரு கண்ணாடி இருக்கிறது. அதன் உள்ளிருந்து பச்சை விளக்குகள் விட்டுவிட்டு எரிகின்றன. அந்த வெளிச்சம் தோலுக்குள் கொஞ்சம் போய், மீதி திரும்பி வருகிறது. திரும்பி வருவதை ஒரு ஒளி உணரி அளக்கிறது. ரத்தம் பச்சை ஒளியை நன்றாக விழுங்கும். அது சிவப்பாகத் தெரிவதே அதனால்தான். இதயம் ஒரு தடவை துடித்ததும் மணிக்கட்டுக்கு ரத்தம் கொஞ்சம் கூடுதலாக வரும், வெளிச்சம் கொஞ்சம் குறைவாகத் திரும்பும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் துடிப்பு இவ்வளவு என்று வாட்ச் சொல்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அந்த ஏற்ற இறக்கம் மிகச் சிறியது என்பதுதான். திரும்பி வரும் வெளிச்சத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு இருந்தாலே அதிகம். அவ்வளவு மெல்லிய ஒன்றைத் தேடும்போது வாட்ச் ஒரு நூல் அளவு அசைந்தால்கூட, அந்த அசைவால் வரும் மாற்றம் அதைவிடப் பெரிதாக இருக்கும். வெயில் ஓரமாக உள்ளே புகுந்தாலும் அப்படித்தான். வாட்சுக்கு ரத்தம் எது, ஆட்டம் எது என்று பிரித்துப் பார்க்க ஏதோ கணக்கு உள்ளே இருக்கிறது. ஆனால் ஆட்டமும் ஒரே சீராக, துடிப்பு மாதிரியே தாளத்தோடு வந்தால் அந்தக் கணக்கு ஏமாந்துவிடும்.

தாளம் என்றதும் எனக்குப் பொறி தட்டியது. பனை விசிறி!

மறுநாள் திண்ணையில் அதே மாதிரி உட்கார்ந்தேன். அதே விசிறி, அதே பேப்பர். மனைவியை எதிரே உட்கார வைத்து, கடிகாரத்தைப் பார்த்து என் விசிறலை எண்ணச் சொன்னேன். அரை நிமிடத்தில் 66. நிமிடத்துக்கு 132. வாட்ச் 130க்கும் 135க்கும் நடுவில் ஊசலாடிக்கொண்டிருந்தது. முந்தின நாள் அந்த 134 என் இதயத்தின் துடிப்பு இல்லை, என் விசிறியின் துடிப்பு. உட்கார்ந்த இடத்தில் அடி எதுவும் விழாததால், சும்மா இருக்கும் மனிதனுக்கு இவ்வளவு துடிப்பா என்று வாட்ச் அலறியிருக்கிறது. நடக்கும்போதும் இதே ஏமாற்றம் நடக்கும். பட்டை தளர்ந்திருந்தால், நிமிடத்துக்கு 110 அடி வைப்பவருக்கு 110 துடிப்பு என்று காட்டிவிடும். அடி எண்ணிக்கையும் துடிப்பும் ஒட்டிக்கொண்டே போனால் சந்தேகப்படுங்கள்.

சரி, விசிறி 134க்குக் காரணம். ஆனால் ஆஸ்பத்திரியில் அசையாமல் படுத்திருந்தபோது 54, 141, கோடு என்று ஆடியதே, அது ஏன்?

வாட்சைக் கழற்றித் திருப்பினேன். நான்கு மாதமாகக் கட்டியிருக்கிறேன், ஒரு நாள்கூட அதன் அடியைப் பார்த்ததில்லை. கண்ணாடி மேல் தேங்காய் எண்ணெயும் பவுடரும் குழைந்து, சுண்ணாம்பு தடவியது போல ஒரு மங்கல் படலம். கண்ணாடியைச் சுற்றியிருக்கும் பள்ளத்தில் வியர்வை உப்பும் அழுக்கும் கறுப்பாக இறுகியிருந்தது. இந்த லட்சணத்தில் வெளிச்சம் உள்ளே போவது எங்கே, திரும்பி வருவது எங்கே? அதோடு எண்ணெய்ப் பசையில் வாட்ச் தோலில் நிற்காமல் வழுக்கவும் செய்யும்.

மீட்டர் சோதனையில் ஒரு விதி உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தை மாற்றாதே. மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போகும். அதனால் முதலில் கண்ணாடியை மட்டும் துடைத்தேன். வாட்சை அணைத்து, மெல்லிய பருத்தித் துணியை வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கண்ணாடியைத் துடைத்தேன். உப்பு போயிற்று, எண்ணெய் போகவில்லை. கண் கண்ணாடிக் கடையில் தரும் துடைப்புத் தாள் மாதிரி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த தாளால் கண்ணாடியை மட்டும் இரண்டு தடவை துடைத்தேன். பள்ளத்தில் இருந்ததைக் குழந்தைகளுக்கான மெத்தென்ற பல் துலக்கும் பிரஷால், தண்ணீர் தொட்டு எடுத்தேன். பிறகு உலர்ந்த துணி. ஊசி, பிளேடு, சாம்பல், பாத்திரம் தேய்க்கும் நார் எதுவும் அருகில் வரக்கூடாது. கண்ணாடியில் கீறல் விழுந்தால் அது நிரந்தர அழுக்கு. தோல் பட்டையாக இருந்தால் ஆல்கஹால் அதில் படக்கூடாது. சார்ஜ் போடும் உலோகப் புள்ளிகளையும் ஈரமில்லாமல் துடைத்துவிட வேண்டும். என் மணிக்கட்டையும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தேன். அழுக்கில் பாதி நம் கையில்தானே இருக்கிறது!

பட்டையை முன்பு போலவே அதே ஓட்டையில் மாட்டி, ஐந்து நிமிடம் கையை மேஜையில் வைத்து அசையாமல் உட்கார்ந்தேன். மனைவி வலது கையில் நாடி பார்த்தாள்: 74. வாட்ச் 73, 76, 75. கோடு வரவில்லை, 141 வரவில்லை. ஆக, சும்மா இருக்கும்போது ஆடியதற்கு அழுக்குதான் பெரும் காரணம். ஆனால் விசிறியைக் கையில் எடுத்ததும் பழையபடி 128. அழுக்கு போனாலும் இந்தக் கோளாறு போகவில்லை. ஒரு திருகாணி இறுகிவிட்டது, இன்னொன்று பாக்கி.

அந்த இன்னொன்று பட்டை. நான் வாட்சை எப்போதும் வளையல் மாதிரி, மணிக்கட்டு எலும்பின் மேல் தொங்கவிட்டுத்தான் கட்டுவேன். பழைய சாவி கொடுக்கும் கடிகாரக் காலத்துப் பழக்கம். அந்தக் கடிகாரத்துக்கு நேரம் காட்டுவது மட்டும்தான் வேலை, எங்கே தொங்கினாலும் காட்டும். இதுவோ தோலோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் வேலை செய்யும். மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கம் ஒரு எலும்பு முண்டு இருக்கிறதல்லவா, அதன் மேல் வாட்ச் உட்கார்ந்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். வயதான எங்களுக்குச் சதை வற்றி அந்த முண்டு இன்னும் துருத்திக்கொண்டிருக்கும். தட்டையான கண்ணாடிக்கும் தோலுக்கும் நடுவில் சந்து விழும்.

சந்து இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, வாட்சில் உடற்பயிற்சி அளவீட்டை ஓடவிட்டு, கையைக் கண்ணுக்கு நேராகப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் பச்சை வெளிச்சம் நன்றாகக் கசிந்தால், அங்கே சந்து இருக்கிறது. பச்சை வெளியே போகிற அதே சந்து வழியாகத்தான் பகலில் வெயில் உள்ளே வரும்.

வாட்சை அந்த முண்டுக்கு மேலே, முழங்கை பக்கமாக ஒரு விரற்கடை தள்ளினேன். அங்கே கை கொஞ்சம் தட்டையாகவும் சதைப்பற்றாகவும் இருக்கிறது. பட்டையை ஒரு ஓட்டை இறுக்கினேன். எவ்வளவு இறுக்குவது? கையை உதறினால் வாட்ச் நகரக்கூடாது. வாட்சை விரலால் தள்ளினால் தோலும் கூடவே நகர வேண்டும். அதே சமயம் பட்டைக்கு அடியில் சுண்டுவிரல் சிரமமில்லாமல் நுழைய வேண்டும். இந்த மூன்றும் சரியாக வந்தால் போதும்.

மறுபடியும் விசிறி. அதே வேகம், அரை நிமிடத்துக்கு 65. வாட்ச் முதலில் 90 காட்டி, பிறகு 82, 84 என்று நின்றது. விசிறாத கையில் மனைவி எண்ணிய நாடி 82. விசிறிக்கும் வாட்சுக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷம், ஸ்டாண்டர்டு மீட்டரோடு வைத்துப் பார்த்து முள் சரியாக நின்றபோது வருமே, அந்தச் சந்தோஷம்.

சந்தோஷத்தில் ஒரு தப்பும் செய்தேன். இறுக்கினால் நல்லது என்றால் இன்னும் இறுக்கினால் இன்னும் நல்லதுதானே என்று அடுத்த ஓட்டைக்குப் போனேன். அரை மணியில் விரல்கள் மதமதத்தன, கழற்றினால் தோலில் கண்ணாடி வடிவத்தில் பள்ளம். வாட்சில் மறுபடியும் கோடு. அதிகம் இறுக்கினால் அந்த இடத்து ரத்தத்தையே பிழிந்து வெளியேற்றிவிடுகிறோம். ஏறி இறங்க ரத்தமே இல்லாத இடத்தில் வாட்ச் எதை எண்ணும்? அதோடு இரண்டு நாளில் அரிப்பும் சிவப்பும். ஈரமும் சோப்பும் அடியில் சிக்கிக்கொண்டு தோல் ஊறுவதால் வருவது. இப்போது நடைக்குப் போகும்போது மட்டும் இறுக்கம். திரும்பி வந்ததும் கழற்றி, வாட்சையும் கையையும் துடைத்துவிட்டு ஒரு ஓட்டை தளர்த்திக் கட்டுகிறேன். ஒரு ஓட்டையில் தளர்ச்சி, அடுத்ததில் நெருக்கம் என்று இருப்பவர்கள் ஒட்டித் திறக்கும் துணிப் பட்டை வாங்கிக்கொள்ளலாம். அதில் நினைத்த இடத்தில் நிறுத்தலாம்.

கண்ணாடி சுத்தம், பட்டை சரி, இருந்தும் எண் வராத நேரங்கள் உண்டு. மார்கழி விடியலில் கை ஜில்லென்று இருந்தால் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். கையைத் தேய்த்துச் சூடாக்கினால் சரியாகும். வாட்ச் உட்காரும் இடத்தில் அடர்ந்த பச்சை குத்தியிருந்தால் அந்த மை வெளிச்சத்தைத் தடுக்கும்; மறு கையில் கட்டிப் பார்க்கலாம். புது வாட்சில் அடிக் கண்ணாடி மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே கட்டியிருப்பவர்களும் உண்டு. சிரிக்காதீர்கள், என் மைத்துனர் ஆறு வாரம் அப்படித்தான் கட்டியிருந்தார்.

இதோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு வேடிக்கைக் கதை. நிறுத்த முடியாதபடி இன்னொன்று நடந்தது.

இந்த ஆராய்ச்சியை எல்லாம் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து எல்லோருக்கும் சொன்னேன். விசிறிக் கதைக்கு நல்ல சிரிப்பு. எங்கள் கூட்டத்தில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். இரண்டு வாரம் கழித்து, பேச்சுவாக்கில் சொன்னார்: "சார், என் வாட்சும் உங்க வாட்ச் மாதிரிதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது 60ங்குது, 115ங்குது, மறுபடி 80ங்குது. நீங்க சொன்ன மாதிரி தினமும் துடைக்கிறேன். அழுக்கு சரியாப் போகலைபோல."

எனக்குச் சுருக்கென்றது. கையைக் கொடுங்கள் என்று வாட்சைப் பார்த்தேன். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. பட்டையும் சரியாக இருந்தது. அவருடைய மறு கையில் விரலை வைத்தேன். டக், டக்டக், கொஞ்சம் இடைவெளி, டக், டக்டக்டக், டக். ஒரு ஒழுங்கும் இல்லை. முழு நிமிடம் வைத்திருந்தேன். அந்த நிமிடம் முழுக்க அப்படித்தான். "சார், இது வாட்ச் அழுக்கு இல்லை. இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்" என்றேன். அவருக்கு வலி இல்லை, மயக்கம் இல்லை, கொஞ்ச நாளாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான். வயசுதானே என்று விட்டிருக்கிறார்.

ஈ.சி.ஜி.யில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று வந்தது. இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும் நிலை. நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இப்போது ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார், துடிப்பைக் கட்டுப்படுத்த இன்னொரு மாத்திரை. காலையில் எங்களோடு நடக்கிறார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் விசிறிக் கதையைக் கேட்டுத்தான் அவர் இரண்டு வாரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பாதியைத்தான் சொன்னேன். எப்படித் துடைப்பது என்று சொன்னவன், துடைத்த பிறகும் தாறுமாறாக இருந்தால் என்ன செய்வது என்று சொல்லவில்லை.

ஆகவே என் கருத்து இதுதான். வாட்ச் தாறுமாறாகக் காட்டினால் அதை நம்பி ஓடுவதும் தப்பு, வாட்ச் கெட்டுவிட்டது என்று ஒதுக்குவதும் தப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிமிட வேலை இருக்கிறது. நம் விரலால் நம் நாடியை எண்ணுவது. அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வாட்சைக் கட்டக்கூடாது என்றே நான் சொல்வேன்.

எங்கள் காலத்துச் சக்கர மீட்டரில் 600 சுற்று சுற்றினால் ஒரு யூனிட் என்று எழுதியிருக்கும். ஒரு கிலோவாட் லோடு கொடுத்து, கையில் கடிகாரத்தோடு சக்கரத்தை எண்ணுவோம். நிமிடத்துக்குப் பத்து சுற்று வந்தால் மீட்டர் சரி. அதிகாரி சொன்னாலும் கன்ஸ்யூமர் சொன்னாலும் நாங்கள் எண்ணிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டோம். நாடியும் அப்படித்தான். உள்ளங்கையை மேலே பார்க்க வையுங்கள். கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டுக்கு இறங்கினால் ஓரமாக ஒரு சிறு பள்ளம் இருக்கும். மறு கையின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை அங்கே மெதுவாக வையுங்கள். கட்டைவிரலால் பார்க்கக்கூடாது, அதற்கே ஒரு துடிப்பு உண்டு, குழப்பிவிடும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, சீராக இருந்தால் அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கலாம். சீராக இல்லாவிட்டால் முழு நிமிடமும் எண்ண வேண்டும்.

எண்ணிக்கை முக்கியம். தாளம் அதைவிட முக்கியம். விரலில் சீரான 76, வாட்சில் 134 என்றால் வாட்சைப் பாருங்கள்: முதலில் கண்ணாடி, அடுத்து இடம், அடுத்து இறுக்கம். விரலிலும் வேகமாகவோ தாளம் கெட்டோ இருந்தால் பட்டையைத் தொடாதீர்கள், டாக்டரிடம் போங்கள். வாட்ச் காட்டிய எண்களை எடுத்துப் போங்கள், அது அவருக்கு உதவும். இந்தத் தாளக் கோளாறு சிலருக்கு வந்து வந்து போகும். ஒரு நாள் எடுத்த ஈ.சி.ஜி. நன்றாக இருந்தால் மட்டும் விஷயம் முடிந்துவிடாது. இன்னொன்றும் உண்டு. அவசரப்பட்டு முந்தி வரும் துடிப்புகள் வலுவில்லாமல் மணிக்கட்டுவரை எட்டாமலே போகும். அப்போது வாட்ச் மட்டுமல்ல, விரலும் குறைத்து எண்ணும். அதனால் இரண்டுமே 40 என்று ஒத்துப்போனால் ஒத்துப்போயிற்றே என்று நிம்மதி அடையக்கூடாது, அதற்கும் டாக்டர்தான்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம், ஒரு பக்கம் கை கால் இழுப்பது, பேச்சுக் குழறுவது இவற்றில் ஒன்று இருந்தாலும் வாட்சும் வேண்டாம், விரலும் வேண்டாம். 108க்குப் போன் செய்யுங்கள். வாட்ச் அந்த நேரத்தில் 72 காட்டினாலும் அப்படியே.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பெற்றோருக்கு வாட்ச் வாங்கிக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கூரியரில் அனுப்பிவிட்டு, எச்சரிக்கையை மட்டும் உங்கள் போனுக்குத் திருப்பிக்கொள்ளாதீர்கள். ஊருக்கு வரும்போது ஒரு தடவை நீங்களே அம்மாவின் கையில் கட்டிவிடுங்கள். எலும்புக்கு மேலே தள்ளி, சுண்டுவிரல் விட்டுப் பார்த்து, கண்ணாடியை எப்படித் துடைப்பது என்று காட்டிவிட்டு, அவர் நாடியை அவரையே எண்ண வையுங்கள். சும்மா இருக்கும்போது அவருக்குச் சாதாரணமாக எவ்வளவு துடிப்பு என்று ஒரு தாளில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ரத்த அழுத்த மாத்திரை சிலருக்குத் துடிப்பை 55க்கே இறக்கி வைத்திருக்கும். அது தெரியாமல் அங்கிருந்து பதறிப் பயனில்லை.

எங்கள் வீட்டில் இப்போது சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு முன் வாட்ச் அலமாரிக்குப் போய்விடும். சாயங்காலம் துடைத்து மாட்டும்போது மனைவி எதிரே உட்கார்ந்து என் மறு கையைப் பிடிக்கிறாள். "76" என்கிறாள். நான் வாட்சைப் பார்த்து "77" என்கிறேன். அன்று ஆட்டோவில் நடுங்கிய அதே கைதான். இப்போது நடுங்குவதில்லை.

மகளும் எச்சரிக்கை வந்தால் உடனே "கிளம்புங்க" என்பதில்லை. "அப்பா, விரல்ல எவ்வளவு?" என்றுதான் கேட்கிறாள்.